கோமாளியும் சீரியஸ் ஆளும்: இரட்டையர் காமெடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிரிக்க வைப்பவர் கோமாளிதானே? பக்கத்தில் முறைத்துக்கொண்டு நிற்பவர் எதற்கு?

கோமாளி சொல்வதைத் தனியாக எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு தப்பான பதில், அவ்வளவுதான். அந்தப் பதில் ஒரு நியாயமான மனிதனின் காதில் விழுந்து, அவன் அதை ஜீரணிக்க முடியாமல் திணறும்போதுதான் சிரிப்பு வருகிறது. ஆங்கில மேடைக்காரர்கள் ஸ்ட்ரெய்ட் மேன் என்று சொல்லும் அந்த சீரியஸ் ஆள்தான் உலகம் எப்படி இருக்க வேண்டும் என்ற கணக்கை மேடையில் தூக்கிப் பிடிக்கிறார். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் கோமாளி எதிலிருந்து விலகுகிறார் என்பதே தெரியாது.

அமெரிக்க மேடைகளில் 1920-களில் ஜோடி சேர்ந்த ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேஸி ஆலன் கதை இதற்கு நல்ல சான்று. ஆரம்பத்தில் பர்ன்ஸ் ஜோக்குகளைத் தனக்கு எழுதிக்கொண்டார். கேள்வி கேட்கும் வேலையை ஆலனுக்குக் கொடுத்தார். ஆனால் கூட்டம் அவருடைய ஜோக்குகளை விட்டுவிட்டு ஆலன் கேட்ட கேள்விகளுக்குச் சிரித்தது. பர்ன்ஸ் பிடிவாதம் பிடிக்கவில்லை. வேடங்களை மாற்றினார், தான் கேள்வி கேட்பவராகி, அபத்தமான பதில்களை ஆலனிடம் கொடுத்தார். 1958-ல் ஆலன் ஓய்வு பெறும்வரை மேடை, வானொலி, தொலைக்காட்சி என்று அந்த ஏற்பாடு மாறவே இல்லை.

தொழில் தெரிந்தவர்கள் சீரியஸ் ஆளின் மதிப்பை எப்போதும் அறிந்திருந்தார்கள். பட் அபாட், லூ காஸ்டெல்லோ என்ற அமெரிக்க ஜோடி, பர்லெஸ்க் என்ற கேளிக்கை மேடையிலிருந்து வந்தபோது வருமானத்தில் 60 சதவீதம் சீரியஸ் ஆளான அபாட்டுக்கு, 40 சதவீதம் காஸ்டெல்லோவுக்கு. புகழ் வந்த பிறகுதான் அந்தப் பங்கு தலைகீழானது. சீனாவின் சியாங்ஷெங் என்ற இருவர் பேச்சுக்கலையில், கோமாளியின் பங்கு மூன்று, கூட நின்று ஒத்தூதுபவரின் பங்கு ஏழு என்று ஒரு தொழில்மொழியே உண்டு.

அப்படி அவர் என்னதான் செய்கிறார்? ஒரு காட்சியை வைத்து விளக்க முடியுமா?

முடியும். இதற்காகவே எழுதிய சின்னக் காட்சி இது. இரண்டு பேர் பூட்டிய வீட்டு வாசலில் நிற்கிறார்கள். அண்ணன் சீரியஸ் ஆள், தம்பி கோமாளி.

அண்ணன்: சாவியை எடு.
தம்பி: சாவி பத்திரமா இருக்குண்ணே.
அண்ணன்: சந்தோஷம். எங்கே இருக்கு?
தம்பி: வீட்டுக்குள்ளே.
அண்ணன்: (பூட்டைப் பார்க்கிறார். தம்பியைப் பார்க்கிறார்.) வீட்டைப் பூட்டினது யாரு?
தம்பி: நான்தான்.
அண்ணன்: எதை வெச்சுப் பூட்டினே?
தம்பி: சாவியை வெச்சு.
அண்ணன்: அப்புறம் அந்தச் சாவி எப்படி உள்ளே போச்சு?
தம்பி: ஜன்னல் வழியாப் போட்டேன்.
அண்ணன்: ஏன்டா?
தம்பி: நீங்கதானேண்ணே சொன்னீங்க, சாவியை வெளியே எடுத்துட்டுப் போகாதே, தொலைஞ்சுடும்னு.
அண்ணன்: (மூச்சை இழுத்து விடுகிறார்.) சரி. பரவாயில்லை. இன்னொரு சாவி இருக்கே?
தம்பி: இருக்கு.
அண்ணன்: அது எங்கே?
தம்பி: ஒண்ணு இங்கே, ஒண்ணு அங்கேன்னு இருந்தா மறந்துடும்னு ரெண்டையும் ஒரே வளையத்துல கோத்துட்டேன்.
அண்ணன்: ஜன்னல்?
தம்பி: சாத்திட்டேன். திருடன் வருவான்ல.
அண்ணன்: அப்போ, கதவைத் திறக்கணும்னா சாவி வேணும். சாவி வேணும்னா கதவைத் திறக்கணும்.
தம்பி: அதேதாண்ணே! பூட்டும்போதே நினைச்சேன், திருடன் வந்தா இப்படித்தான் மாட்டிக்கிட்டு முழிப்பான்னு.

இதில் அண்ணன் ஒரு ஜோக் கூடச் சொல்லவில்லை. ஆனால் காட்சியை ஓட்டுவது அவர்தான். அவர் முதலில் செய்வது, தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக்குவது. உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் அது புரிகிற தேவை. அப்புறம் அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நாம் கேட்டிருக்கக்கூடியது. ‘வீட்டைப் பூட்டியது யார்’ என்று அவர் கேட்கும்போது, அதே கேள்வி நம் மனதிலும் பாதி உருவாகியிருக்கும். அவர் நம் சார்பில் பேசுகிறார்.

இன்னொன்றைக் கவனியுங்கள். ‘வீட்டுக்குள்ளே’ என்ற பதில் வந்தவுடன் அவர் கத்தவில்லை. பூட்டைப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்க்கிறார். அந்த இரண்டு பார்வைக்கும் இடையில்தான் கூட்டம் கணக்குப் போட்டு முடிக்கிறது: பூட்டு வெளியே, சாவி உள்ளே. அவர் அங்கே வாய் திறந்து விளக்கியிருந்தால், நாமே கண்டுபிடிக்கும் இன்பம் போயிருக்கும். இந்தக் காட்சியில் முதல் பெரிய சிரிப்பு அந்த மௌனத்தில்தான் விழ வேண்டும். அது அண்ணனுக்குக் கிடைக்கும் சிரிப்பு.

கடைசியில் அவர் சொல்லும் ‘கதவைத் திறக்கணும்னா சாவி வேணும்’ என்ற வரியும் ஜோக் இல்லை. மொத்தச் சிக்கலையும் நேர்மையாகத் தொகுத்துச் சொல்கிறார். அந்தத் தொகுப்பு இல்லாமல் தம்பியின் கடைசி பதில் நிற்காது. அண்ணன் பேரழிவாகப் பார்ப்பதைத் தம்பி வெற்றியாகப் பார்க்கிறான் என்பது வெடிக்க வேண்டுமானால், அதற்கு முந்தைய வரியில் பேரழிவு முழுதாக நம் கண்முன் இருக்க வேண்டும்.

கோமாளி முட்டாளாக இருந்தால் போதாதா?

போதாது. வெறும் முட்டாள்தனம் இரண்டு பதில்களில் தீர்ந்துவிடும். மேலே உள்ள தம்பி ஒரு கொள்கையோடு வாழ்கிறான்: சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்ய வேண்டும், எதுவும் தொலையக் கூடாது. அவன் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் பாதி சரி என்றுகூடத் தோன்றும். சாவி தொலையக் கூடாது, ஜன்னலைத் திறந்து போடக் கூடாது. சேர்த்து வைத்தால்தான் விபரீதம்.

அதனால் கோமாளி வேடம் போடுபவர் தான் காமெடி பண்ணுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பேச வேண்டும். முகத்தைக் கோணி, குரலைக் குழைத்து ‘ஜன்னல் வழியாப் போட்டேன்’ என்றால் அது செத்துவிடும். ஒரு நல்ல காரியம் செய்த பெருமிதத்தோடு, பாராட்டை எதிர்பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு பேருமே அவரவர் அளவில் சீரியஸாக இருப்பதுதான் இந்த வகைக் காமெடியின் அடிப்படை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒருவர் உலகத்தின் கணக்குப்படி சீரியஸ், மற்றவர் தன் சொந்தக் கணக்குப்படி சீரியஸ்.

ஒரே மாதிரி முரண்பாடுதானே திரும்பத் திரும்ப வருகிறது? ஏன் சலிப்பதில்லை?

இருவரின் குணம்தான் மாறாமல் இருக்கிறது. நிலைமை ஒவ்வொரு வரியிலும் நகர்கிறது. சாவிக் காட்சியில் முதலில் வழி இருக்கிறது என்று நினைக்கிறோம். சாவி உள்ளே என்றதும் ஒரு வழி அடைபடுகிறது. இன்னொரு சாவி என்றதும் மறுபடி நம்பிக்கை. அதுவும் அடைபடுகிறது. அப்புறம் ஜன்னல். அண்ணன் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு புதிய வழியும் தம்பியின் புத்தி முன்பே போய் அடைத்துவிட்ட வழியாக இருக்கிறது. நியாயமான மனிதன் நியாயமாக யோசிப்பதை நிறுத்த மாட்டான் என்பதால் எரிபொருள் தீருவதில்லை. அவன் புத்திசாலித்தனமே அடுத்த ஜோக்குக்கு வழி செய்கிறது.

கூடவே இன்னொரு மாற்றம் பார்வையாளரிடம் நடக்கிறது. முதல் பதிலுக்கு நாம் ஆச்சரியத்தால் சிரிக்கிறோம். இரண்டு மூன்று பதில்கள் கேட்டபின் கோமாளியின் கணக்கு நமக்குப் பிடிபட்டுவிடுகிறது. ‘இன்னொரு சாவி இருக்கே’ என்று அண்ணன் ஆசையோடு கேட்கும்போதே, ஐயோ இதிலும் ஏதோ செய்திருப்பானே என்று நமக்குத் தெரியும். எப்படிச் செய்தான் என்பதுதான் தெரியாது. இப்போது நாம் அண்ணனைவிட ஒரு படி முன்னால் இருக்கிறோம். ஆச்சரியத்தால் வந்த சிரிப்பு இங்கே எதிர்பார்ப்பால் வரும் சிரிப்பாக மாறுகிறது, அது இன்னும் பலமானது. இதை வைத்துதான் பழக்கமான ஜோடிகள் மேடையில் வந்து நின்றாலே கூட்டம் சிரிக்கத் தொடங்குகிறது.

சலிப்பு எப்போது வரும் என்றால், நிலைமை நகராதபோது. அண்ணன் கேட்க, தம்பி உளற, அண்ணன் திட்ட, மறுபடி அதே மாதிரி இன்னொரு கேள்வி, இன்னொரு உளறல் என்று போனால், ஜோக்குகளை எந்த வரிசையில் மாற்றிப் போட்டாலும் காட்சி அப்படியே இருக்கும். இது ஒரு நல்ல சோதனை. உங்கள் ஸ்கிரிப்டில் நடுவிலிருந்து இரண்டு பரிமாற்றங்களை இடம் மாற்றிப் பாருங்கள். எதுவும் குலையவில்லை என்றால் அது ஏறவில்லை என்று அர்த்தம்.

சீரியஸ் ஆள் எப்போது கோபப்பட வேண்டும்?

எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு. புதிதாக மேடை ஏறுபவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான்: முதல் தப்பான பதிலுக்கே உச்சத்தில் கத்திவிடுவார்கள். அப்புறம் ஏறுவதற்கு இடமே இருக்காது. மிச்சக் காட்சி முழுக்க ஒரே சத்தத்தில் ஓடும், பார்ப்பவர்கள் களைத்துவிடுவார்கள்.

சாவிக் காட்சியில் அண்ணனுடைய மனநிலையைப் பாருங்கள். முதலில் அவருக்குச் சந்தேகமே இல்லை, ‘சந்தோஷம்’ என்கிறார். பிறகு குழப்பம். அதன்பின் விசாரணை, ஒரு போலீஸ்காரரின் பொறுமையோடு. ‘ஏன்டா’ என்பதில்தான் முதல் சூடு தெரிகிறது. உடனே அதை விழுங்கிக்கொண்டு ‘சரி, பரவாயில்லை’ என்கிறார். அந்த விழுங்கலை விட்டுவிடாதீர்கள். தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் மனிதன் கத்துகிற மனிதனைவிட அதிகம் சிரிக்க வைப்பான், ஏனென்றால் உள்ளே இருப்பது நமக்குத் தெரிகிறது, அவன் மறைக்கப் பார்க்கிறான். கடைசியில் ‘கதவைத் திறக்கணும்னா சாவி வேணும்’ என்பதைக் கோபமாகச் சொல்லக் கூடாது. களைத்துப்போய், தனக்கே சொல்லிக்கொள்வது போல மெதுவாகச் சொல்ல வேண்டும். கோபம் தாண்டி வருகிற சரணாகதி அது.

கோபம் நிஜமான வெறுப்பாகத் தெரிந்தாலும் ஆபத்துதான். அண்ணன் தம்பியை உண்மையாகவே காயப்படுத்த நினைக்கிறார் என்று ஒரு நொடி தோன்றிவிட்டால் கூட்டம் தம்பி பக்கம் போய் இரக்கப்படத் தொடங்கும். இரக்கம் வந்த இடத்தில் சிரிப்பு நிற்காது.

இவ்வளவு தொல்லை கொடுக்கும் ஆளோடு அவர் ஏன் இருக்கிறார்? எழுந்து போய்விடலாமே?

அந்தக் கேள்வி பார்வையாளருக்கு வந்தால் காட்சி உடைந்துவிட்டது. அதனால் எழுதும்போதே போக முடியாத காரணத்தைப் போட்டுவிட வேண்டும். ஒரே வீடு, ஒரே வேலை, உறவு, கடன், அல்லது அவனிடம் மட்டுமே இருக்கும் ஒரு தகவல். சாவிக் காட்சியில் அந்த வீட்டுக்குள் போக வேண்டியது இருவரும்தான். சாவி எங்கே என்று தெரிந்தவன் தம்பி மட்டும்தான். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இரண்டு பேருமே அசடுகளாக இருக்கும் ஜோடிகள் உண்டே? லாரல்–ஹார்டி மாதிரி. அங்கே சீரியஸ் ஆள் யார்?

ஹார்டி. ஆனால் அவர் உண்மையில் புத்திசாலி இல்லை, தன்னைப் புத்திசாலி என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையே போதும், சீரியஸ் ஆளின் இடத்தை நிரப்பிவிடும். 1927-லிருந்து அவர்கள் ஒன்றாக நடித்த படங்களில் ஹார்டிதான் முன்னால் நடப்பார், கட்டளையிடுவார், டையைச் சரிசெய்துகொள்வார். லாரல் பின்னால் வருவார். ஏதாவது விழுந்து உடையும்போது அது பெரும்பாலும் ஹார்டியின் தலையில்தான் விழும். அப்போது அவர் கேமராவை நேராகப் பார்ப்பார். ‘இந்த ஆளோடு நான் படும் பாட்டைப் பார்த்தீர்களா’ என்று நம்மிடம் முறையிடும் பார்வை அது. பார்வையாளரின் பிரதிநிதி என்று மேலே சொன்னேனே, அதை அவர் நேரடியாகவே செய்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், திரையில் லாரலை அதட்டிக்கொண்டே இருப்பவர் ஹார்டி. திரைக்குப் பின்னால் காட்சிகளை யோசித்து, படத்தொகுப்புவரை கூட இருந்தவர் லாரல்.

கவுண்டமணி–செந்தில் ஜோடியையும் இந்த வகையில்தான் வைப்பேன். 1984-ல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கவுண்டமணிக்கு அந்தத் தொழிலில் எல்லாம் தெரியும் என்ற கெத்து. செந்திலுக்கு ஒரே ஒரு சந்தேகம், அந்த மேண்டில் எப்படி எரிகிறது என்று. இங்கே கேள்வி கேட்பது கோமாளி, பதில் சொல்ல வேண்டியது சீரியஸ் ஆள். கேட்கும் திசை மாறினாலும் ஏற்பாடு மாறவில்லை. ஒருவருக்குக் காப்பாற்ற வேண்டிய கௌரவம் இருக்கிறது, மற்றவருக்கு எதுவும் இல்லை. மேண்டிலைக் கையில் வாங்கிப் பார்க்கும் அந்த அப்பாவி விரல்கள் என்ன செய்யப் போகின்றன என்று நமக்கு முன்பே தெரிந்துவிடுவதும் அங்கே நடக்கிறது.

இந்த இரண்டு ஜோடிகளும் காட்டும் விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சீரியஸ் ஆளிடம் அறிவு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவருக்கு இழப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும்: மரியாதை, திட்டம், பொறுமை, அல்லது தன்னைப் பற்றி அவர் வைத்திருக்கும் உயர்ந்த எண்ணம்.

‘ஹூ ஈஸ் ஆன் ஃபர்ஸ்ட்’ துணுக்கில் கோபப்பட்டுக் கத்துவது காஸ்டெல்லோதான். அவர் கோமாளி இல்லையா?

கோமாளிதான். ஆனால் அந்தத் துணுக்கில் ஒரு அழகான திருப்பம் இருக்கிறது. பேஸ்பால் அணியில் முதல் இடத்தில் நிற்பவரின் பெயர் ‘ஹூ’, இரண்டாவது ‘வாட்’, மூன்றாவது ‘ஐ டோன்ட் நோ’. அதாவது யார், என்ன, தெரியாது என்பவை ஆட்களின் பெயர்கள். அபாட் அமைதியாக, முழு உண்மையாக, ‘ஆமாம், ஹூதான் முதல் இடத்தில்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். காஸ்டெல்லோ கேட்பதெல்லாம் யாரும் கேட்கக்கூடிய கேள்வி. அப்படிப் பார்த்தால் நியாயம் காஸ்டெல்லோ பக்கம்தான்.

ஆனாலும் அபாட்தான் சீரியஸ் ஆள். அவர் ஒரு முறைகூடப் பொய் சொல்வதில்லை, எரிச்சலூட்ட நினைப்பதும் இல்லை. இவ்வளவு எளிமையான விஷயம் இவனுக்கு ஏன் புரியவில்லை என்ற உண்மையான வியப்பில் இருக்கிறார். அவர் ஒரு தடவை புன்னகைத்துவிட்டால், வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று ஆகிவிடும். கொஞ்சம் நிறுத்திப் பொறுமையாக விளக்கிவிடலாமே என்று நமக்குத் தோன்றிவிடும். அவர் முகத்தில் இருக்கும் அசையாத நேர்மைதான் அந்த ஓட்டையை மூடி வைத்திருக்கிறது. 1938-ல் வானொலியில் ஒலிபரப்பானபோது முகம் தெரியாது; குரலில் மட்டுமே அந்த நேர்மையைக் கொண்டுவர வேண்டியிருந்தது. பர்லெஸ்க் மேடைகளில் இந்த மாதிரிப் பெயர்க் குழப்பத் துணுக்குகள் முன்பே பல இருந்தன. இந்த ஜோடியின் கையில் அது நின்றதற்குக் காரணம் அபாட்டின் வேகமும் மாறாத தொனியும் என்பது என் கணிப்பு.

ஒல்லி–குண்டு, உயரம்–குள்ளம் என்று தோற்றத்தில் வித்தியாசம் இருந்தே ஆக வேண்டுமா?

உதவும், கட்டாயமில்லை. யார் எந்தப் பக்கம் என்பதை வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். அதைவிட முக்கியம் குரல், வேகம், நிற்கும் விதம். அபாட்டும் காஸ்டெல்லோவும் வானொலிக்குப் போனபோது இருவர் குரலும் ஒன்றுபோல இருப்பதாகக் கேட்பவர்கள் குழம்பினார்கள். அதன் பிறகுதான் காஸ்டெல்லோ தன் குரலைக் கீச்சென்று உயர்த்திப் பேச ஆரம்பித்தார். ஒருவர் வேகமாகப் பேசினால் மற்றவர் நிதானமாக, ஒருவர் அசையாமல் நின்றால் மற்றவர் துறுதுறுவென்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் யார் என்று தெரிய வேண்டும்.

டைமிங் டைமிங் என்கிறார்களே, சீரியஸ் ஆள் அதில் என்ன செய்ய வேண்டும்?

மூன்று இடங்களில் கவனம் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வியைச் சின்னதாக வைக்க வேண்டும். ‘அது சரி, நீ வீட்டைப் பூட்டிட்டு வந்தியே, அந்தச் சாவியை எங்கேதான் வெச்சிருக்கே சொல்லு பார்ப்போம்’ என்று கேட்டால் கோமாளியின் ஒரு சொல் பதிலுக்கு முன் நம் கவனம் சிதறிவிடும். ‘எங்கே இருக்கு?’ போதும். கேள்வியில் பதிலின் வாசனை வந்துவிடவும் கூடாது. ‘உள்ளேயே வெச்சுட்டியா?’ என்று அண்ணன் கேட்டுவிட்டால் ஜோக்கை அவரே தின்றுவிட்டார்.

பதில் வந்தபின் சிரிப்புக்கு இடம் விட வேண்டும். சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போது பேசினால் அடுத்த வரி யாருக்கும் கேட்காது. அதைவிட மோசம், மக்கள் வசனம் தப்பிவிடுமோ என்று சிரிப்பை அடக்கிக்கொள்ளப் பழகிவிடுவார்கள். முழுதாக அடங்கும்வரை காத்திருந்தாலோ காட்சி குளிர்ந்துவிடும். உச்சம் தாண்டி இறங்க ஆரம்பிக்கும்போது அடுத்த கேள்வியைப் போட வேண்டும். அந்த இடைவெளியில் சீரியஸ் ஆள் சும்மா நிற்கக் கூடாது. கேட்டதை நம்ப முடியாமல் யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த முகம் சிரிப்பை இன்னும் கொஞ்சம் நீட்டும்.

மூன்றாவது, எதிராளியைக் கேட்பது. மனப்பாடம் செய்த வரிக்காகக் காத்திருப்பவரின் முகம் பதில் வரும் முன்பே தயாராக இருக்கும். கூட்டம் அதைக் கண்டுபிடித்துவிடும். ‘வீட்டுக்குள்ளே’ என்ற சொல் ஒவ்வொரு நாளும் புதிதாகக் காதில் விழ வேண்டும். நூறாவது காட்சியில் இது மிகவும் கடினம், தேர்ந்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிப்பதும் இதுதான்.

ஜப்பானிய மன்சாயில் சீரியஸ் ஆள் உடனே ‘அப்படியில்லை!’ என்று திருத்துகிறாரே? அது ஜோக்கைக் கெடுக்காதா?

கெடுப்பதில்லை, அங்கே சிரிப்பு விழும் இடம் கொஞ்சம் தள்ளியிருக்கிறது. மன்சாயில் கோமாளிக்கு போகே என்றும் திருத்துபவருக்கு சுக்கோமி என்றும் பெயர். இருவரும் ஒரு மைக்கின் முன்னால் நின்று படுவேகமாகப் பேசுவார்கள். போகே சொல்வது பல நேரம் மிகச் சின்ன வழுக்கல், கவனிக்காமல் விட்டுவிடக்கூடியது. சுக்கோமி சட்டென்று குறுக்கே விழுந்து, எது தப்பு என்பதைக் கூர்மையான ஒரு வரியில் பிடித்துக் காட்டுவார், சில சமயம் தலையில் ஒரு தட்டும் விழும். இங்கே சிரிப்பென்றால் இதற்குத்தான் என்று கோடு போட்டுக் காட்டும் வேலை அது. சிறந்த சுக்கோமிகளின் திருத்தமே போகே சொன்னதைவிடச் சிரிப்பாக இருக்கும்.

அபாட் பாணியில் சீரியஸ் ஆள் அடுத்த கேள்வியால் காட்சியைத் தள்ளுகிறார். சுக்கோமி திருத்தத்தால் தள்ளுகிறார். உங்கள் கோமாளியின் அபத்தம் பெரியதாக, தெளிவாக இருந்தால் திருத்தம் வேண்டாம், மௌனமே போதும். வேகமாக, சின்னச் சின்னதாக வந்தால் திருத்தம் தேவை. சாவிக் காட்சியில் ‘சாவியை உள்ளே வைத்துப் பூட்டினால் எப்படித் திறப்பது, முட்டாளே’ என்று ஒரு திருத்தத்தைச் செருகிப் பாருங்கள், கனம் கூடிப்போய் உட்கார்ந்துவிடும். அங்கே எல்லோருக்கும் முன்பே தெரிந்ததை அவர் சொல்வதாகிவிடும்.

எங்கள் குழு ஸ்கிட்டில் கோமாளி நன்றாகத்தான் நடிக்கிறார், ஆனாலும் சிரிப்பு வரவில்லை. தப்பு எங்கே?

ஒத்திகையைக் குரல் பதிவு செய்து, கோமாளியின் வரிகளை விட்டுவிட்டு சீரியஸ் ஆளின் வரிகளை மட்டும் கேளுங்கள். அவருடைய வரிகளிலிருந்தே கதை புரிய வேண்டும்: என்ன வேண்டும், எதற்கு முயல்கிறார், எங்கே நம்பிக்கை வந்தது, எங்கே போனது. ‘என்னடா சொல்றே’, ‘அப்படியா’, ‘ஐயோ’ மட்டுமே கேட்டால் அவர் வேலை செய்யவில்லை, எழுதியவர் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. இதுதான் நான் அதிகம் பார்க்கும் நோய். ஜோக்குகளை முதலில் சேர்த்து வைத்துவிட்டு, அவற்றைக் கேட்பதற்கு ஒரு ஆளைப் பிறகு நிறுத்துவார்கள்.

இரண்டாவது, யாராவது பார்க்க வந்தால் அவர்கள் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். கோமாளி பேசி முடித்தவுடன் பார்வை சீரியஸ் ஆளின் முகத்துக்குத் திரும்ப வேண்டும். டென்னிஸ் பந்து போல அது போய்ப் போய் வந்தால் ஜோடி உயிரோடு இருக்கிறது. கண் கோமாளியிடமே நின்றுவிட்டால், பக்கத்தில் இருப்பவர் முகத்தில் எதிர்பார்க்க எதுவுமில்லை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

மூன்றாவது காரணம் பெரும்பாலும் ஆசை. சீரியஸ் ஆளாக நடிப்பவருக்கும் சிரிப்பு வாங்க ஆசை வந்து, ஓரத்தில் ஒரு நக்கலைச் சேர்த்துக்கொள்வார். அந்த ஒரு நக்கலில் அவரும் விளையாடுகிறார் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு சாவி உள்ளே இருப்பது யாருக்கும் பிரச்சினை இல்லை.

கடைசியில் இருவரும் வேடம் மாற்றிக்கொள்ளலாமா? சீரியஸ் ஆள் கோமாளியாவது போல?

ஒரே ஒரு முறை, காட்சியின் முடிவில், அதற்கு விலை கொடுத்திருந்தால். சீரியஸ் ஆள் காட்சி முழுக்கத் தன் கணக்கை விடாமல் பிடித்திருந்தால்தான் கடைசியில் அது நழுவுவது சிரிப்பாக இருக்கும். சாவிக் காட்சிக்கு இப்படி ஒரு வால் சேர்க்கலாம். தம்பியின் திருடன் பதிலைக் கேட்டு அண்ணன் நீண்ட நேரம் பேசாமல் நிற்கிறார். பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்க்கிறார். பிறகு, மிக நிதானமாக:

அண்ணன்: திருடன் வந்தா என்ன செய்வான்?
தம்பி: பூட்டை உடைப்பான்.
அண்ணன்: (சுற்றும் முற்றும் பார்க்கிறார்.) இந்த நேரத்துக்கு ஒருத்தன் கூட வரலையே.

அதுவரை விடைகளைத் தேடிக்கொண்டிருந்தவர் இப்போது திருடனுக்காக ஏங்குகிறார், அதுவும் அதே சீரியஸ் முகத்தோடு. அவர் கோமாளியின் கணக்குக்குள் வழுக்கி விழுந்துவிட்டார், அது அவருக்கே தெரியவில்லை. இதைக் காட்சியின் நடுவில் வைத்திருந்தால் அதற்குப் பின் கேள்வி கேட்க மேடையில் ஆள் இருந்திருக்காது. முடிவில் வைத்தால், வரி முடிந்த உடனே விளக்கை அணைத்துவிட வேண்டும். தம்பிக்கு அதற்குமேல் ஒரு பதில் எழுதாதீர்கள். அந்தச் சிரிப்பு அண்ணனுடையது.